ரெண்டரை வருஷத்துல போட்ட காசு வந்துருமா? புதுக் கிளையின் கணக்கைச் சரியாகப் போடுவது எப்படி

சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். ஒரு கடை நாலைந்து வருஷம் நன்றாக ஓடிவிட்டால் அடுத்து வரும் பேச்சு பெரும்பாலும் கிளையைப் பற்றித்தான். "இவ்வளவு போடுறோம், மாசம் இவ்வளவு நிக்கும், இத்தனை வருஷத்துல முதல் வந்துரும்" என்று ஒரு துண்டுச் சீட்டில் கணக்கோடுதான் வருவார்கள். இந்த வகுத்தல் கணக்கை நம்பிக் கடை திறந்தவர்களையும் எனக்குத் தெரியும், மூடியவர்களையும் தெரியும். வகுத்தலில் பிழை இருக்காது. வகுக்கும் எண்ணும், எப்போதோ வரப்போகும் ரூபாயை இன்றைய ரூபாய்க்குச் சமமாக வைப்பதும்தான் பிழை.

திண்டுக்கல்லில் பேக்கரியும் டீக்கடையும் சேர்த்து நடத்தும் ஒருவர் போன வருஷம் என்னிடம் கொண்டுவந்த கணக்கை வைத்தே இதைச் சொல்கிறேன். எண்களைக் கொஞ்சம் முழு எண்ணாக்கியிருக்கிறேன்.

## அண்ணனின் துண்டுச் சீட்டு

பழைய கடையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டரில், கல்லூரிப் பேருந்துகள் நிற்கும் ஒரு நிறுத்தத்தின் எதிரே இடம் பார்த்திருந்தார். பன், கேக், பப்ஸ் எல்லாம் பழைய கடை அடுப்பிலிருந்தே வரும். புதுக் கடையில் டீயும் விற்பனையும் மட்டும்.

போட வேண்டிய முதல்: கட்டட உரிமையாளருக்கு அட்வான்ஸ் 2 லட்சம், உள்வேலை, வயரிங், போர்டு 4 லட்சம், கண்ணாடி கவுண்டர், ஃபிரிட்ஜ், பாய்லர், மேசை நாற்காலி 5 லட்சம், சரக்குக்கும் கைச்செலவுக்கும் 1 லட்சம். ஆக 12 லட்சம்.

ஒரு நாள் விற்பனை 10,000 ரூபாய், மாதம் 3 லட்சம். சரக்கு, பால், கேஸ் எல்லாம் சேர்த்து நூற்றுக்கு 65 போய்விடும். மிச்சம் 1,05,000. அதில் வாடகை 20,000, டீ மாஸ்டருக்கும் கல்லாவில் உட்காரும் மச்சானுக்கும் சம்பளம் 36,000, கரண்ட் 6,000, சில்லறைச் செலவு 3,000. இந்த 65,000 போக மாதம் 40,000 நிற்கும். வருஷத்துக்கு 4,80,000.

"பன்னெண்டை நாலு எம்பதால வகுத்தா ரெண்டரை. ரெண்டரை வருஷத்துல போட்ட காசு வந்துரும் தம்பி."

மச்சானுக்கும் சம்பளம் எழுதியிருந்தார், அது நல்ல பழக்கம். வீட்டு ஆள்தானே என்று பலர் விட்டுவிடுவார்கள். அந்த ஆள் வேறு எங்கேயாவது போய் 15,000 சம்பாதிக்க முடியும் என்றால், அவர் இங்கே உட்காருவதும் ஒரு செலவுதான்.

## எந்தப் பணம் கிளையின் பணம்?

கணக்கில் ஏற வேண்டியது நிகரப் பணவரவு. கிளை திறந்தால் குடும்பத்தின் கைக்கு வரும் மொத்த ரொக்கம் எவ்வளவு, திறக்காவிட்டால் எவ்வளவு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் அந்தப் பெயர். "புதுக் கடைக் கல்லாவில் விழுந்தது" என்பதும் இதுவும் ஒன்றில்லை.

அண்ணனிடம் ஒரு கேள்வி கேட்டேன். "அந்த நிறுத்தத்துல இறங்குற ஆளுங்கள்ல யாராவது இப்பவே உங்க கடைக்கு வர்றாங்களாண்ணே?" யோசித்துவிட்டு, "சாயங்காலம் கொஞ்சப் பேர் நடந்து வருவாங்க" என்றார். எண்ணிப் பார்த்ததில் நாளொன்றுக்கு 800 ரூபாய் வியாபாரம். கிளை திறந்ததும் இவர்கள் அங்கேயே வாங்கிக்கொள்வார்கள். வலது சட்டைப் பையிலிருந்து எடுத்து இடது பையில் வைத்த காசு இது. 800 ரூபாய் விற்பனையில் நிற்பது 280, மாதத்துக்கு 8,400, வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு லட்சம். கிளையின் வரவிலிருந்து இதைக் கழித்தாக வேண்டும்.

அடுத்தது முதல் வருஷம். திறந்த அன்றே 10,000 விற்காது. அவருடைய பழைய கடையின் ஆரம்பக் காலத்தை நினைவுபடுத்திப் பார்த்து, முதல் வருஷம் நூற்றுக்கு 70, இரண்டாம் வருஷம் 90, மூன்றாம் வருஷத்திலிருந்து முழு விற்பனை என்று வைத்துக்கொண்டோம். விற்பனை 30 சதவீதம் குறைந்தால் மிச்சமும் 30 சதவீதம் குறையும் என்றுதான் தோன்றும். போட்டுப் பாருங்கள்: மாத விற்பனை 2,10,000. அதில் 35 சதவீதம் 73,500. வாடகை, சம்பளம், கரண்ட் வகையறா 65,000 அப்படியே நிற்கும். மிச்சம் 8,500. நாற்பதாயிரம் எட்டாயிரத்து ஐந்நூறாக விழுந்துவிட்டது. விற்பனை சரியும்போது வாடகை கூடவே சரிவதில்லையே!

கழிக்கக் கூடாதவை இரண்டு. ஆடிட்டர் எழுதும் தேய்மானம் ஒன்று. ஃபிரிட்ஜ் வாங்கிய பணம் முதல் நாளே 12 லட்சத்தில் போய்விட்டது, வருஷா வருஷம் அதற்காகக் கல்லாவிலிருந்து காசு வெளியே போவதில்லை. மற்றொன்று கடன் தவணை. பணத்தின் விலையைத் தனியாகக் கணக்கில் சேர்க்கப் போகிறோம். தவணையையும் கழித்தால் ஒரே வட்டியை இரண்டு தடவை கட்டியது போல ஆகும்.

பழைய கடையில் குறையும் ஒரு லட்சத்தையும் அதே 70, 90 கணக்கில் கழித்துத் திருத்திய பிறகு முதல் வருஷ நிகரப் பணவரவு 32,000, இரண்டாம் வருஷம் 2,64,000, அதன்பின் வருஷம் 3,80,000. ஐந்து வருஷத்தோடு கணக்கை முடிக்கிறோம். அப்போது அட்வான்ஸ் 2 லட்சமும் சரக்குப் பணம் 1 லட்சமும் திரும்பும், பழைய சாமான்களை விற்றால் 1 லட்சம் வரும் என்று வைத்ததால் ஐந்தாம் வருஷம் 7,80,000. வருமான வரியை இங்கே விட்டிருக்கிறேன்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: கிளையால் கூடுதலாக வரும் ரொக்கம் மட்டுமே கணக்கில் ஏறும். பழைய கடையில் குறைவது கழியும், தேய்மானமும் தவணையும் கழியாது, முதல் வருஷத்துக்குத் தனிக் கணக்கு.

## முதல் திரும்பும் காலம்

போட்ட பணம் முழுவதும் கைக்குத் திரும்ப எத்தனை காலம் ஆகும் என்பதே முதல் திரும்பும் காலம். வங்கியில் பேபேக் என்பார்கள். வரவு வருஷத்துக்கு வருஷம் மாறும்போது ஒரே வகுத்தலில் இதைப் போட முடியாது, கூட்டிக்கொண்டே வர வேண்டும்.

முதல் வருஷ முடிவில் 32,000. இரண்டாம் வருஷ முடிவில் 2,96,000. மூன்றாம் வருஷம் 6,76,000, நான்காம் வருஷம் 10,56,000. இன்னும் 1,44,000 பாக்கி. ஐந்தாம் வருஷத்து வியாபார வரவு 3,80,000 என்பதால் அதில் நாலரை மாதம் போனால் பாக்கி தீரும். ரெண்டரை வருஷம் என்றது நாலு வருஷம் நாலரை மாதம் ஆகிவிட்டது.

இந்த எண்ணைச் சும்மா பார்த்துவிட்டு நகரக் கூடாது, வாடகை ஒப்பந்தத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நம் ஊரில் கடை ஒப்பந்தங்கள் பல 11 மாதத்துக்கு எழுதப்படுகின்றன. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதால் வந்த பழக்கம் அது. மூன்றாம் வருஷ முடிவில் கட்டட உரிமையாளர் "காலி பண்ணிக் கொடுங்க" என்றால் அதுவரை கைக்கு வந்திருப்பது 6,76,000தான். அட்வான்ஸ் திரும்பும், ஃபிரிட்ஜையும் கவுண்டரையும் தூக்கிக்கொண்டு போகலாம். டைல்ஸும் வயரிங்கும் ஃபால்ஸ் சீலிங்கும் சுவரோடு நின்றுவிடும். முதல் திரும்பும் காலம் ஒப்பந்தக் காலத்தைத் தாண்டினால், அந்த இடைவெளி முழுக்க நீங்கள் இன்னொருவர் மனதை நம்பி நிற்கிறீர்கள் என்று பொருள்.

இந்தக் கணக்குக்கு இரண்டு குறைகள் உண்டு. முதல் திரும்பிய பிறகு வருவது எதையும் அது பார்ப்பதில்லை. அதைவிடப் பெரிய குறை, ஐந்தாம் வருஷத்து ரூபாயையும் இன்றைய ரூபாயையும் ஒரே தட்டில் வைத்துவிடுவது.

## ஏலச்சீட்டில் எல்லோரும் செய்யும் கணக்கு

நாளைய பணத்தின் இன்றைய விலை நமக்குப் புதிதில்லை. ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டில் அவசரத் தேவை உள்ளவர் 25,000 தள்ளி 75,000-க்கு எடுக்கிறார். கடைசி வரை காத்திருந்தால் கூடுதலாகவே கிடைக்கும் என்பது அவருக்கும் தெரியும். இருந்தும், கடைசி மாதத்து லட்சத்தைவிட இன்றைய முக்கால் லட்சம் அவருக்கு உசத்தி. அந்தத் தள்ளுதான் காலத்தின் விலை.

கிளைக் கணக்கிலும் இதே வேலைதான். இன்று ஒரு லட்சத்தை 14 சதவீதத்துக்கு விட்டால் ஒரு வருஷத்தில் 1,14,000 ஆகும். திருப்பிச் சொன்னால், ஒரு வருஷம் கழித்து வரப்போகும் 1,14,000-இன் இன்றைய மதிப்பு ஒரு லட்சம். எதிர்கால வரவை 1.14 ஆல் வகுத்தால் இன்றைய மதிப்பு. இரண்டு வருஷம் தள்ளி வருவதை 1.14 ஆல் இரண்டு தடவை வகுக்க வேண்டும், ஐந்து வருஷம் என்றால் ஐந்து தடவை. இப்படி வகுக்கப் பயன்படும் சதவீதத்துக்குக் கழிவு வீதம் என்று பெயர்.

எல்லா வருஷத்து இன்றைய மதிப்புகளையும் கூட்டி, அதிலிருந்து இன்று போடும் முதலைக் கழித்தால் கிடைப்பது நிகர இன்றைய மதிப்பு. கணினியில் NPV என்று இருப்பது இதுதான்.

14 ஏன்? அண்ணனிடம் பாதி சொந்தப் பணம், பாதி கடன். சொந்தப் பணத்தை வைப்பில் போட்டால் 7 சதவீதம் போல வரும். கடனுக்கு வங்கி 12 சதவீதம் கேட்டது. பாதிக்குப் பாதி என்று ஒன்பதரை போடலாமே என்று தோன்றும், போடக் கூடாது. வைப்புப் பணத்துக்கு ஆபத்து இல்லை, டீக்கடைக்கு உண்டு. வங்கி அடமானம் வாங்கிக்கொண்டு 12 கேட்கிறது. எந்த அடமானமும் இல்லாமல் இந்தக் கடையை நம்பிப் பணம் போடுபவர் அதைவிடக் கூடத்தான் எதிர்பார்க்க வேண்டும். என் வழக்கம், கடன் வட்டிக்கு மேல் இரண்டு மூன்று சதவீதம் வைப்பது. புது ஊர், புதுத் தொழில் என்றால் இன்னும் ஏற்றுவேன்.

## போட்டுப் பார்ப்போம்

| ஆண்டு | நிகரப் பணவரவு | வகுக்கும் எண் | இன்றைய மதிப்பு |
|---|---|---|---|
| இன்று | −12,00,000 | 1 | −12,00,000 |
| 1 | 32,000 | 1.1400 | 28,070 |
| 2 | 2,64,000 | 1.2996 | 2,03,139 |
| 3 | 3,80,000 | 1.4815 | 2,56,489 |
| 4 | 3,80,000 | 1.6890 | 2,24,990 |
| 5 | 7,80,000 | 1.9254 | 4,05,108 |
| கூட்டல் | | | −82,204 |

இரண்டாவது பத்தியை மட்டும் கூட்டினால் 12 லட்சம் போட்டு 18,36,000 வருகிறது, ஆறு லட்சத்துக்கு மேல் லாபம் போலத் தெரியும். நான்காவது பத்தி 82,204 ரூபாய் குறைகிறது என்கிறது.

இந்தக் குறை என்ன என்பதில்தான் பலருக்கும் குழப்பம். கடையில் 82,000 ரூபாய் நஷ்டம் வரும் என்று இதற்குப் பொருளில்லை. கடையில் காசு நிற்கும், ஆனால் போட்ட பணத்துக்கு வருஷம் 14 சதவீதம் கிடைக்காது. இதே வரவுகளை 12 சதவீதத்தில் போட்டால் விடை ஏறக்குறைய சுழி. அதாவது இந்தக் கிளை 12 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே சம்பாதிக்கிறது. வங்கி கேட்கும் வட்டியும் அதேதான். உழைப்பும் பயமும் அண்ணனுக்கு, விளைச்சல் முழுவதும் வட்டிக்கு.

எக்செல்லில் போடுகிறவர்களுக்கு ஒன்று. B1-இல் −1200000, B2 முதல் B6 வரை ஐந்து வருஷ வரவு என்று வைத்தால் சரியான சூத்திரம் இது:

```
=NPV(14%,B2:B6)+B1
```

முதலையும் அடைப்புக்குள்ளே சேர்த்து `NPV(14%,B1:B6)` என்று எழுதுவது மிகப் பரவலான தவறு. அந்தச் சூத்திரம் தனக்குக் கொடுக்கும் முதல் எண்ணே ஒரு வருஷம் கழித்து வருவதாக எடுத்துக்கொள்ளும். இன்று கொடுக்கும் 12 லட்சத்தையும் அடுத்த வருஷம் கொடுப்பதாக நினைத்து −72,109 என்று காட்டும்.

சுருக்கமாக: நிகர இன்றைய மதிப்பு சுழி என்றால், கேட்ட சதவீதம் அப்படியே கிடைக்கிறது. சுழிக்கு மேல் என்றால் அதைவிடக் கூடுதல். கீழே என்றால் அந்தப் பணத்துக்கு அதே ஆபத்தில் வேறு நல்ல வேலை இருக்கிறது.

## சுழிக்குக் கீழே வந்தால் என்ன செய்வது?

விட்டுவிட வேண்டும் என்று உடனே சொல்லிவிட மாட்டேன். குறை எங்கிருந்து வருகிறது என்று தேடினால் கையில் பேரத்துக்கு ஏதாவது சிக்கும்.

அட்வான்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். "அது திரும்ப வர்ற காசு, செலவே இல்லையே" என்றார் அண்ணன். ஐந்து வருஷம் வட்டியில்லாமல் கிடக்கும் 2 லட்சத்தின் இன்றைய மதிப்பு 1,03,900 ரூபாய்தான். மீதி 96,000-ஐக் கட்டட உரிமையாளருக்குச் சத்தமில்லாமல் கொடுத்துவிடுகிறோம். மொத்தக் குறையைவிடவும் இது பெரிய தொகை. அட்வான்ஸைப் பாதியாக்கினாலே குறையில் 48,000 அடைபடும்.

வாடகை இன்னும் கூர்மையாக வேலை செய்கிறது. மாதம் 2,000 குறைந்தால் வருஷத்துக்கு 24,000, ஐந்து வருஷத்து இன்றைய மதிப்பு 82,394. குறை அப்படியே அடைபட்டுவிடுகிறது. அதாவது, 14 சதவீதம் வேண்டும் என்றால் இந்த இடத்துக்கு அண்ணன் தரக்கூடிய அதிகபட்ச வாடகை 18,000. பேரம் பேசப் போகும்போது இந்த எண் சட்டைப் பையில் இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட விடையை ஆட்டிவைப்பது அந்த 10,000 ரூபாய் நாள் விற்பனை. அது 10,500 ஆனால் நிகர இன்றைய மதிப்பு 1,12,000 ரூபாய்க்கு மேல் கூட்டலில் போகிறது. 9,500 ஆனால் 2,77,000 கழித்தலில் விழுகிறது. சுழியில் நிற்க வேண்டுமானால் நாளொன்றுக்குச் சுமார் 10,210 விற்க வேண்டும். ஊகித்து எழுதிய எண்ணிலிருந்து 210 ரூபாய்தான் தூரம். டீ 15 ரூபாய் என்றால் 14 டீ.

இதைப் பார்த்ததும் அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப இந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்துச்சுன்னு நான்தான் சொல்லணும், இல்ல?" என்றார். பழைய கடையின் விற்பனையைப் பார்த்து மனதில் போட்ட எண் என்று அவரே ஒத்துக்கொண்டார்.

## நிறுத்தத்தின் எதிரே ஒரு வாரம்

மச்சானை ஒரு நோட்டோடு அந்த நிறுத்தத்துக்கு எதிரே உட்கார வைத்தோம். காலை 7 முதல் 10, மாலை 4 முதல் 8. அரை மணிக்கு ஒரு கோடு போட்டு, அங்கே ஏற்கெனவே இருக்கும் ஒரு தள்ளுவண்டி டீக்கடையில் எத்தனை பேர் நிற்கிறார்கள், கையில் டீ மட்டுமா, கடித்துக்கொள்ள ஏதாவதும் உண்டா என்று எழுதச் சொன்னோம். திங்கள் முதல் சனி வரை கூட்டம் எதிர்பார்த்தபடியே இருந்தது. வெள்ளி மாலை அதைவிடக் கூடுதல்.

ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் கோடுகள் மட்டும் இருந்தன, அவற்றுக்கு நடுவே ஒற்றை இலக்க எண்கள். கல்லூரி விடுமுறை, பேருந்து இல்லை, தள்ளுவண்டிக்காரரே பத்து மணிக்குக் கடையைக் கட்டிவிட்டார். நாங்கள் மாதம் 30 நாளும் 10,000 என்று எழுதியிருந்தோம்.

ஞாயிறு விற்பனை பாதியாவது இருக்கும் என்று தாராளமாகவே வைத்தேன். மாதம் நான்கு ஞாயிறில் விற்பனை 20,000 குறையும், அதில் நிற்க வேண்டிய 7,000 நிற்காது, முழு வருஷத்துக்கு 84,000. தாளில் ஏற்றியதும் நிகர இன்றைய மதிப்பு −3,42,000. மே மாதக் கல்லூரி விடுமுறையை இன்னும் தொடவே இல்லை. இந்தக் குறையை வாடகையில் அடைக்க வேண்டுமானால் மாதம் 8,300 குறைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும், 20,000 வாடகையில் யாரும் அதற்குச் சம்மதிக்க மாட்டார்கள்.

அந்த இடத்தை அண்ணன் விட்டுவிட்டார். இப்போது அரசு மருத்துவமனைப் பக்கம் ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், வாடகை 4,000 கூடுதல். "அங்க ஞாயித்துக்கிழமையும் ஆள் வரும் தம்பி" என்று சொல்லிவிட்டு, இந்தத் தடவை நோட்டை அவரே எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.